ஜெயக்கொடி அக்காவின் போனில் பதினான்கு வீடுகள்

கேஸ் போடுகிற அண்ணன் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டார்.

"கோடு சொல்லுங்கக்கா."

அம்மா தன் போனைப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. சிலிண்டர் வரும்போது பதிவு செய்த நம்பருக்கு நாலு இலக்கக் கோடு வரும், அதைச் சொன்னால்தான் இறக்குவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அதை நாங்கள் யாரும் சொன்னதே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

"உங்க நம்பர் கடைசியில 417-ன்னு காட்டுதுக்கா."

"அது ஜெயக்கொடி நம்பர். எப்பவும் அவங்களே கோடு சொல்லிடுவாங்க" என்றாள் அம்மா சாதாரணமாக. போன் போட்டுக் கோடு வாங்கிச் சொன்னாள். சிலிண்டர் இறங்கியது. எனக்கு மட்டும் மனசிலிருந்து அது இறங்கவில்லை.

ஜெயக்கொடி அக்காவை எங்கள் கேம்ப் ரோடு பக்கம் தெரியாதவர்கள் குறைவு. நாற்பத்தைந்து வயது இருக்கும். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருஷம் பேக்கிங் வேலை பார்த்தவர். பட்டறை ஆள் குறைத்தபோது வெளியே வந்தார். அந்த மாதம் ஒரு டீச்சருக்காக கரண்ட் பில் கட்ட வரிசையில் நின்றார். டீச்சர் முப்பது ரூபாய் கொடுத்தார். அதுவே தொழிலாகிவிட்டது. பில் கட்ட முப்பது, ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அறுபது, பஸ் காசு தனி. வேலைக்குப் போகிறவர்களும் படியிறங்க முடியாத வயசானவர்களும்தான் அவருடைய ஆட்கள். தோளில் ஒரு நீலப் பை. அதற்குள் வீட்டுக்கு ஒன்றாக பதினான்கு பிளாஸ்டிக் கவர்.

அதுவரை நல்ல விஷயமாகத் தெரிந்த இதெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அவர் ஏன் போனை எப்போதும் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறார்? ஏன் யாராவது பக்கத்தில் வந்தால் திரையை அணைக்கிறார்? பிளஸ் டூ முடிந்து கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தேன். வீட்டில் வேலை இல்லை. கவனிக்க நேரம் இருந்தது.

மாடியில் ஸ்ரீநிவாசராகவன் தாத்தாவும் பட்டு மாமியும் இருக்கிறார்கள். பேப்பர் கொடுக்கிற சாக்கில் போய்க் கேட்டேன்.

"எல்லாத்துக்கும் அவ நம்பர்தாம்மா" என்றார் மாமி. "கேஸு, கரண்டு, வீட்டு வரி. இவருக்கு இந்த ஓடிபி எழவெல்லாம் ஆகாது. போனைப் பார்த்தாலே பி.பி. ஏறிடும்."

"வீட்டு வரிக்குமா மாமி?"

"ஏன், அதுல என்ன?"

அதில் என்ன என்று எனக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் ஆதார் நகலை வைத்துக் கடன் வாங்கிவிட்டார்கள், வீட்டை விற்றுவிட்டார்கள் என்று தினமும் வீடியோ வருகிறது. நான் அவற்றை எல்லாம் பார்க்கிறவள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகன் கிரீஷ் அண்ணா மேடவாக்கத்திலிருந்து வந்தார். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். படிக்கட்டில் நின்று நான்தான் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அரை மணி நேரத்தில் ஜெயக்கொடி அக்காவை வரச் சொல்லிவிட்டார். நானும் அம்மாவும் மேலே போனோம்.

"எத்தனை வீட்டு நம்பர் உங்க போன்ல இருக்கு?" என்றார் கிரீஷ் அண்ணா.

"பதினாலு சார்."

"எங்க அப்பா வீட்டு வரி மெசேஜ் உங்களுக்கு எதுக்கு வரணும்? நாளைக்கு இந்த வீட்டுல ஏதாவது ஒண்ணு நடந்தா யாரைக் கேக்கறது?"

"சாமிதான் என் நம்பர குடுக்க சொன்னாரு. கேட்டுக்கோங்க" என்று தாத்தாவைக் காட்டினார்.

தாத்தா தலையாட்டினார். கிரீஷ் அண்ணா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கையை நீட்டினார்.

"போனைக் குடுங்க. நான் பாக்கணும்."

"குடுக்க மாட்டேன் சார்."

எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் குரல் உயரவில்லை.

"உங்க வூட்டு மெசேஜ் எல்லாத்தையும் நானே படிச்சு காட்றேன். மத்த பதிமூணு வூடு இதுல கீது. யாருக்கு கரண்டு கட் ஆவப் போவுது, யாரு இன்னா டெஸ்ட் எடுத்தாங்க, எல்லாம் கீது. அத உங்க கையில குடுக்க முடியாது."

"மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லன்னா குடுக்கலாமே" என்றேன் நான். அம்மா என் கையை அழுத்தினாள்.

ஜெயக்கொடி அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கைக்குட்டையைப் பிரித்து, போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார். கரண்ட் பில், கட்டிய ரசீது, சிலிண்டர் பதிவு, வீட்டு வரி ரசீது. தேதியோடு ஒவ்வொன்றாக. நான் அவர் தோளுக்குப் பின்னால் நகர்ந்தேன். ஒரு இடத்தில் அவர் விரல் நின்றது. அடுத்த மெசேஜைத் தள்ளிவிட்டு அதற்கு அடுத்ததற்குப் போனது.

"ஒண்ண விட்டுட்டாங்க" என்றேன்.

"என்னது அது?" என்றார் கிரீஷ் அண்ணா.

ஜெயக்கொடி அக்கா தாத்தாவைப் பார்த்தார். தாத்தா நாற்காலியின் கைப்பிடியில் ஏதோ ஒட்டியிருப்பது போல நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அது உங்க வூட்டுதுதான் சார். ஆனா நான் படிக்க மாட்டேன்."

"அப்பா, இவங்க உங்க பேர்ல ஏதோ பண்ணியிருக்காங்க. புரியறதா?"

தாத்தா சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"போலீசுக்குப் போகலாம். அப்பா அம்மாவை அலைய வைக்க வேண்டாம்னு விடறேன்" என்றார் கிரீஷ் அண்ணா. "எங்கெல்லாம் உங்க நம்பர் இருக்கோ, எல்லா இடத்துலயும் என் நம்பரை மாத்துங்க. ஒண்ணு விடாம. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வராதீங்க."

"சரி சார்" என்றார் அவர். நீலப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அந்த வாரமே செய்தி பரவியது. பரப்பியதில் என் பங்கும் உண்டு. வியாழக்கிழமைக்குள் ஒன்பது வீடுகள் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டன. மீதி வீடுகளும் யோசித்துக்கொண்டிருந்தன. வேறு வருமானம் அவருக்கு இல்லை.

அவர் செய்தது எனக்குப் புரியவில்லை. வேலை போன வீடுகளுக்கும் போனார். கேஸ் ஏஜென்சி ஃபார்ம், கரண்ட் ஆபீசுக்கு ஒரு கடிதம், எல்லாவற்றையும் நிரப்பிக் கையெழுத்து வாங்கினார். அவரே வரிசையில் நின்று நம்பரை மாற்றினார். காசு வாங்கவில்லை. குற்றம் செய்தவர் தடயத்தை அழிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். கவரிலிருந்து பழைய ஃபார்ம் நகல் ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

"இது பழசு நஃபீசாம்மா. கிழிச்சுப் போட்டுடுங்க."

அம்மா அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். கேஸ் ஏஜென்சி ஃபார்ம். மொபைல் எண் என்ற கட்டங்களில் ஜெயக்கொடி அக்காவின் நம்பர். குண்டு குண்டாக, ஏழுக்குக் குறுக்கே கோடு போட்டு. அது என் கையெழுத்து.

"நீ ஒன்பதாவது படிக்கும்போது" என்றாள் அம்மா. "என் போன் உடைஞ்சு கிடந்துச்சு. நான்தான் எழுதச் சொன்னேன். நீயும் மறந்துட்ட, நானும் மறந்துட்டேன்."

நான் ஃபார்மை மடித்தேன். ஆனால் அந்த ஒரு மெசேஜ்? அதை ஏன் தாண்டினார்? அது இருக்கும்வரை நான் செய்தது முழுக்கத் தப்பில்லை என்று பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது தாத்தா வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. மாமி கோயிலுக்குப் போயிருந்தார். உள்ளே ஜெயக்கொடி அக்காவின் குரல் கேட்டது. நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"எல்லாம் மாத்தியாச்சு சாமி. குரோம்பேட்டை ஆஸ்பத்திரி மட்டும் பாக்கி."

"அதை மட்டும் விட்டுடேன் ஜெயக்கொடி. அவனுக்குத் தெரிஞ்சா நாளைக்கே மேடவாக்கத்துக்குக் கூட்டிண்டு போயிடுவான். ஏழாவது மாடி. ஜன்னலைத் திறந்தா தண்ணி லாரிதான் தெரியறது."

"உங்க இதயத்துல அடைப்புன்னு டாக்டர் சொன்னத நான் ஆறு மாசமா என் போன்ல வச்சுகினு கீறேன். ஒன்பது வூடு போச்சு."

"நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும். இனிமே உங்க வூட்டு மெசேஜ் ஒண்ணுகூட எனக்கு வராது. நாளைக்கு மாத்திடுவேன். பதினாலாம் தேதி செக்கப்பு. ரெண்டு நாள் முன்னாடி உங்க புள்ள போனுக்கு மெசேஜ் வரும். அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. இல்லாட்டி அது சொல்லிடும்."

நான் துணி எடுக்காமல் கீழே இறங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டது இப்போது தாத்தா மட்டும் இல்லை.

தாத்தா சொல்லவில்லை. பன்னிரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு கிரீஷ் அண்ணாவின் கார் வாசலில் வந்து நின்றது. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியபடியே மாடி ஏறினார். கொஞ்ச நேரத்தில் மாமி அழுகிற சத்தம் கேட்டது.

பதினாலாம் தேதி அவரே தாத்தாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்ததும் ஜெயக்கொடி அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். நான் கீழே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே. இவ்வளவு பேச்சு கேட்டிருக்க வேண்டாம்."

"அவரு விஷயத்த உங்ககிட்ட சொன்னா, நாளைக்கு உங்க விஷயத்த இன்னொருத்தருகிட்ட சொல்லுவேன்னு தோணாதா சார்?"

கிரீஷ் அண்ணா, மாதம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் முன்கூட்டியே டோக்கன் போட வேண்டும், பழையபடி வர முடியுமா என்று கேட்டார்.

"வர்றேன். நம்பர் மட்டும் உங்களுதே இருக்கட்டும். கவுண்டர்லேர்ந்து கோடு கேட்டு போன் போடுவேன், நீங்க எடுக்கணும். மீட்டிங்னு கட் பண்ணா நான் திரும்பி வந்துடுவேன். நின்ன காசு வாங்கிப்பேன்."

"எடுக்கறேன்" என்றார் அவர்.

கிரீஷ் அண்ணா நான்கு வீடுகளுக்குத் தானே போய், அக்கா மேல் தப்பில்லை என்று சொன்னார். ஆஸ்பத்திரி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. நான் மூன்று வீடுகளுக்குப் போனேன். ஒன்பதில் ஐந்து வீடுகள் திரும்ப வந்தன. மற்றவர்கள், எதற்கு வம்பு என்று சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் அதற்குமேல் பேச எனக்கு வாய் இல்லை. அந்தச் சந்தேகத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது நான்தான்.

போன வாரம் கரண்ட் ஆபீஸ் வரிசையில் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா ஃபாயிசா, வுடு" என்றார். உங்களைப் பற்றி எழுதலாமா என்றும் கேட்டேன்.

"எழுது. எந்த வூடுன்னு தெரியாம எழுது. சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ."

கேட்டேன். தாத்தா சம்மதித்தார். எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

அப்போது அவர் போனில் ஏதோ ஒரு மெசேஜ் வந்து ஒலித்தது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஜெயக்கொடி அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, நான் நகர்கிற வரை காத்திருந்தார்.