காத்திருக்க ஆள் தேவை

பதினோரு ஆண்டுகள் பெர்பெதுவா அவூர் தினமும் போண்டோ ஊருக்குப் போகும் மட்டாட்டு என்ற பயணிகள் வேனில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு தடவைகூட அவள் போண்டோ போய்ச் சேர்ந்ததில்லை.

அதுதான் அவள் தொழில். இந்த ஏரிக்கரை நகரத்தில் வேன் நேரம் பார்த்துக் கிளம்பாது, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். காலி வேனில் முதல் ஆளாக ஏற எவருக்கும் மனம் வராது. அதனால் நிறுத்தத் தலைவர் ஓவிட்டி, கூலிக்கு நாலைந்து பேரை உள்ளே உட்கார வைப்பார். மடியில் பை, முகத்தில் அவசரம். உண்மையான பயணி ஏறினால், போலிப் பயணி தண்ணீர் வாங்கிவர மறந்தவள்போல் இறங்கி, அடுத்த வேனுக்குள் நுழைவாள். இதில் பெர்பெதுவாவுக்கு இணை கிடையாது. பெருமூச்சு விடுவாள், டிரைவரைத் திட்டுவாள், கைப்பேசியில் "பாதி வழி வந்துட்டேன்" என்று எவரிடமோ பொய் சொல்வாள்.

ஆனால் ஒரே முகத்தைப் பதினோரு ஆண்டுகள் பார்த்தால் ஊருக்குத் தெரியாமல் போகுமா? ஜன்னலில் அவள் தலை தெரிந்தாலே பயணிகள் நகர ஆரம்பித்தார்கள்.

"மாமா அப்பியோ, தப்பா நெனைக்காத," என்றார் ஓவிட்டி. மாமா என்றால் அங்கே அம்மா; மூத்த மகள் அப்பியோவின் பெயரால்தான் அவளை எல்லோரும் அழைப்பார்கள். "நீ உள்ள இருந்தா வண்டி காலின்னு சனங்க முடிவு பண்ணிடறாங்க. இந்த வாரத்தோட விட்டுரு."

"விட்டுட்டு? வீட்ல மூணு வயிறு இருக்கு."

"புது முகமா ஒரு பொண்ணு வருது. நீ வேற எங்கயாச்சும் போய் உட்காரு."

உட்காருவதைத் தவிர வேறு தொழில் அறியாதவளுக்கு இது அருமையான யோசனை.

அந்த வாரம்தான் நகராட்சியின் புதிய பேருந்து நிழற்குடை திறப்பு விழாவுக்குத் தயாராக நின்றது. ஓவிட்டியின் வேன்கள் நிற்கும் மரத்தடியிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம். நீல நிறத்தில் அலைபோல் வளைந்த கூரை, ஓட்டை போட்ட இரும்பு பெஞ்சு, வழித்தடங்களைக் காட்ட ஆளுயரப் பலகை. பலகையில் ஒரு எழுத்தும் இல்லை. எந்த வண்டி எங்கே நிற்கும் என்று எழுத வேண்டியது போக்குவரத்துப் பிரிவு, பலகை வைத்தது பொறியியல் பிரிவு. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காலை வெயிலில் கூரையின் நிழல் பெஞ்சைத் தாண்டிப் பின்னாலிருக்கும் சாக்கடைமேல் விழுந்தது. சாக்கடைக்கு அவ்வளவு சொகுசு அதற்கு முன் கிடைத்ததில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய பிழை ஒன்று உண்டு. இந்த ஊரில் ஆளுக்காக வண்டி காத்திருக்குமே தவிர, வண்டிக்காக ஆள் காத்திருப்பதில்லை. வேனுக்குள் உட்கார்ந்து காத்திருக்கிறவர்களுக்கு வெளியே காத்திருக்க மாளிகை கட்டியிருந்தார்கள். அதன் முன்னால் ஒரு வண்டி இரண்டு நிமிடம் நிற்கலாம் என்பது சட்டம். நிரம்பும்வரை நிற்கும் வேன் அந்தப் பக்கம் ஏன் போகும்?

நகராட்சிப் பொறியாளர் ஓலூச் திறப்பு நாள் காலையில் வியர்த்தபடி மரத்தடிக்கு வந்தார். கையில், நிழற்குடைக்கு ஒப்புதல் வாங்க வரைந்த படம். கூரையின் கீழே பெட்டியோடு ஒரு கனவான், குழந்தை வண்டியோடு ஒரு அம்மா, இன்னும் நாலு பேர்.

"நகராட்சித் தலைவி வர்றப்ப இந்த மாதிரி ஆளுங்க காத்துக்கிட்டு இருக்கணும்," என்றார்.

ஓவிட்டி தன் ஆட்களில் உயரமான ஒக்கெல்லோவை முன்னே தள்ளினார். ஓலூச் அவனைக் கூரையடியில் நிறுத்திப் பார்த்து முகம் சுளித்தார். கூரை ஓங்கித் தெரிவதற்காகப் படத்தில் மனிதர்களைக் கொஞ்சம் குட்டையாக வரைந்திருந்தார்கள். ஒக்கெல்லோவின் தலைக்கும் கூரை விளிம்புக்கும் நடுவே கை நுழையவில்லை.

"நீ நின்னா கட்டடம் சின்னதா தெரியுது. நம்புற மாதிரி ஆள் வேணும்."

"நான் நெஜ ஆளுதான் சார்."

"அதான் பிரச்சினை."

பெர்பெதுவா ஐந்தடிக்கும் கீழே. ஓலூச்சின் முகம் மலர்ந்தது. ஓவிட்டிக்கும் நிம்மதி, எப்படியும் அனுப்பப்போகிற ஆள். மற்றவர்களை ஓவிட்டி வேனுக்கு நிறுத்திக்கொள்ள, அவளை மட்டும் கூட்டிக்கொண்டு ஓலூச் நடந்தார்.

"ஒருத்தி போதுமா சார்? படத்துல ஆறு பேர் இருக்காங்க," என்றாள் பெர்பெதுவா.

"மத்தவங்க எங்க?"

"வருவாங்க. நீங்க மட்டும் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. உங்க டையைப் பார்த்தா எல்லாரும் ஓடிருவாங்க."

அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்தாள். சாலையின் வளைவை எட்டிப் பார்த்தாள், உச்சுக்கொட்டினாள், மறுபடி பார்த்தாள். மீன் கூடையோடு போன ஒருத்தி நின்றாள்.

"இங்க என்ன வருது?"

"போண்டோ. தாமதமா வருது, வேற என்ன."

கூடை கீழே இறங்கியது. அப்போது ஒரு பள்ளி ஆசிரியர் வந்து அவளை உற்றுப் பார்த்தார்.

"நீ மரத்தடி வேன்ல சும்மா உக்கார்றவதானே? உன்ன நம்பி ரெண்டு மணி நேரம் அதுல வெந்திருக்கேன்."

மீன்காரியின் கை கூடைக்குப் போனது. இவள் போனால் எல்லாம் போயிற்று என்று பெர்பெதுவாவுக்குத் தெரிந்தது.

"அந்த வேலை போயிடுச்சு, வாத்தியாரே," என்றாள். "ஓவிட்டி தொரத்திட்டான். அதான் மரத்தடிக்குப் போகாம இங்க நிக்கறேன். அந்த வேன் எப்பக் கிளம்பும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

ஆசிரியர் யோசித்தார். உள்விவகாரம் எல்லாம் அறிந்தவளே மரத்தடியை விட்டு இங்கே வந்து நிற்கிறாள் என்றால் விஷயம் இருக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த ஆசிரியரைப் பார்த்து இரண்டு பேர், அவர்களைப் பார்த்து ஐந்து பேர் வந்தார்கள். வெற்றுப் பலகையைக்கூட ஒருவர் மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்.

நெடுஞ்சாலையில் பாதி காலியாக வந்த வெளியூர் வேன் ஒன்று கூட்டத்தைக் கண்டதும் பிரேக் போட்டது. "போண்டோ, போண்டோ, இடம் இருக்கு," என்று நடத்துநர் கத்தினான். அத்தனை பேரும் ஏறினார்கள்.

"மாமா, நீ வரல?"

"தங்கச்சி வரணும். போங்க."

வேன் போயிற்று. சாலைக்கு அப்பாலிருந்து ஓலூச் தலையில் கைவைத்தபடி ஓடிவந்தார். "எல்லாரையும் அனுப்பிட்டியே. தலைவி வந்துட்டே இருக்காங்க."

"தள்ளி நில்லுங்க சார்," என்றாள் பெர்பெதுவா, பையைச் சரிசெய்தபடி.

தலைவியின் கார் வந்தபோது ஒன்பது பேர் காத்திருந்தார்கள். ரிப்பன் வெட்டும்போதே இன்னொரு வெளியூர் வேன் வந்து நின்றது. மக்களின் நீண்ட நாள் கனவு நனவானது என்று தலைவி பேசினார். கனவு கண்டவர்கள் அதற்குள் வேனில் ஏறிவிட்டதால், கைதட்டியது பெர்பெதுவாவும் ஓலூச்சும் தான்.

மரத்தடியில் ஓவிட்டியின் முதல் வேன் காலையிலிருந்து நகரவில்லை. உள்ளே நாலு போலிப் பயணிகள், ஒரு உண்மைப் பயணி. அந்த ஒருவரும் இறங்கி நிழற்குடைப் பக்கம் நடந்ததைப் பார்த்ததும் ஓவிட்டி பின்னாலேயே வந்தார்.

"மாமா அப்பியோ, நம்ம வயித்துல நீயே அடிக்கலாமா? திரும்பி வந்துரு. உன் சீட்டு அப்படியே இருக்கு."

"புது முகம்?"

"தூங்குது. வண்டில ஏறினதும் தூங்கிடுது."

"நான் வண்டிக்குள்ள உக்கார மாட்டேன். சூடு தாங்கல. இங்கயே இருக்கேன். வர்றவங்க போண்டோவுக்கு எதுன்னு கேட்டா மரத்தடியைக் காட்டறேன். நடக்க மாட்டேங்கறவங்க வெளியூர் வண்டில போகட்டும்."

"வெயில் அடிக்குமே இங்க."

"காத்து வருது."

ஓவிட்டி வளைந்த கூரையை, பெஞ்சை, எழுத்தில்லாத பலகையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

திங்கட்கிழமையிலிருந்து பெர்பெதுவா அந்த பெஞ்சில் உட்கார்கிறாள். கூலியை ஓவிட்டி தருகிறார்.