ஓராண்டாக வராதவர்களுக்கு ஒரு கடிதம்

ராசிபுரத்தில் எங்கள் தையல் கடையை மூடிவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் முடிவெடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் கணவருக்கு அது தெரியாது. கட்டிங் டேபிளில் நிற்பவர் அவர். வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து துணி வாங்குவது, பில் போடுவது, ஹூக் வைப்பது, வந்து கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் நான். கல்யாணமாகி வந்த மறுவாரம் அங்கே உட்கார வைத்தார்கள். பதினாறு வருஷம் அங்கேயேதான் இருந்தேன்.

அந்த மார்ச் மாதம் நாமக்கல் ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். அன்று சாயங்காலமே அவரிடம் சொல்லிவிட்டேன். சண்டை வரும் என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டுதான் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“நீ இல்லாம எனக்குக் கடை நடத்தத் தெரியாது புள்ள. ஒண்ணு பண்ணலாம். நின்னுபோன பழைய ஆளுங்களுக்குக் கடுதாசி போடுவோம். மே மாசக் கடைசிக்குள்ள பத்துப் பேரு திரும்பி வந்தா கடை இருக்கட்டும், நீயும் இங்கயே இரு. இல்லீன்னா மிஷினை வித்துட்டு நான் எங்காச்சும் கார்மென்ட்ஸ்ல கட்டிங்குக்குப் போயிர்றேன்.”

பத்துப் பேர் வரமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் சரி என்றேன்.

பில் புத்தகங்களை எடுத்து உட்கார்ந்தேன். கடைசியாகத் துணி கொடுத்து ஒரு வருஷம் தாண்டியவர்களை மட்டும் தனியாக எழுதினேன். அதில் இறந்துபோனவர்கள், ஊர் மாறிப் போனவர்கள், மகள் வீட்டோடு போய்விட்டவர்கள் என்று கழித்ததில் ஐம்பத்து நான்கு பேர் நின்றார்கள். பாதிப் பேருக்குத் தெருப் பெயர்தான் இருந்தது. எங்கள் தபால்காரருக்கு அது போதும்.

என் கணவர் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். ‘அன்பான வாடிக்கையாளருக்கு, நீண்ட நாட்களாகத் தங்களைக் காணவில்லை. தையல் கூலியில் இருபது சதவீதம் தள்ளுபடி.’ எனக்குச் சிரிப்பு வந்தது. கூலி அதிகம் என்றா அவர்கள் போனார்கள்? நான் எழுதி எடுத்த பில்களில் முக்கால்வாசியில் டெலிவரி தேதி ஒருமுறை அடித்து, மறுமுறை அடித்து, மூன்றாவதாக ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தது. எல்லாம் என் கையெழுத்து.

முகூர்த்தம் நெருங்கும்போது யார் துணி கொண்டுவந்தாலும் என் கணவருக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கச் சொல்வார். தேதிக்கு வந்து நிற்பவர்களிடம் “ஹூக் மட்டுந்தானுங்க பாக்கி, நாளைக்கு வாங்க” என்று நான் சொல்வேன். துணி அப்போது அலமாரியில் மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கும். இந்தப் பொய்யைச் சொல்லாத தையல் கடை இல்லை என்று அவர் சொல்வார். இருக்கலாம். ஆனால் வந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சொன்னது அவர் இல்லையே. பதினாறு வருஷம் அது என் வாயிலிருந்துதான் போனது.

கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் சொல்லாததைச் சொல்லிவிட்டே போகிறேன் என்று பேனாவை எடுத்தேன். கூடவே ஒரு தந்திரமும் இருந்தது, மறைக்கவில்லை. தன்னைப் பொய்க்காரி என்று தானே எழுதித் தருகிறவளிடம் யார் துணி கொடுப்பார்கள்?

‘எங்கள் கடைக்கு நீங்கள் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். ஹூக் மட்டும்தான் பாக்கி என்று உங்களிடம் சொன்னவள் நான். அது பொய். உங்கள் துணியை அன்று வெட்டக்கூட இல்லை. அலைய வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இனி ஒரு வாரத்தில் முடிகிற அளவுக்குத்தான் துணி வாங்குவோம். சொன்ன தேதியில் தராவிட்டால் கூலி வேண்டாம். உங்கள் பழைய ஜாக்கெட் இறுக்கிப் பிடித்தாலும் தளர்ந்தாலும் மே முப்பத்தொன்று வரை கூலியில்லாமல் சரிசெய்து தருகிறோம்.’

இதற்குமேல் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, அவர்கள் கடைசியாக என்ன தைத்தார்கள் என்று. அடியில், தேதிக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாக்குறுதி ஒன்றும் இல்லாமல் விட்டால் கடிதம் மொட்டையாக நின்றது, அதனால் எழுதினேன். நடக்கப்போகாத விஷயத்துக்கு என்ன பொறுப்பு வந்துவிடும் என்று நினைத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். கிழித்துப் போடுவார் என்று காத்திருந்தேன். “நெசந்தானே” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தபால்தலை வாங்கப் போனார். வைகாசி முகூர்த்தங்களுக்கு மூன்று வாரம் முன்னால் ஐம்பத்து நான்கும் பெட்டியில் விழுந்தன.

ஐந்தாம் நாள் ஒரு அம்மா கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே படியேறினார். “எல்லா டெய்லரும் இதைத்தானுங்க சொல்றாங்க. ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தருதான்” என்று சிரித்தபடி மூன்று ஜாக்கெட் துணியை மேஜையில் வைத்தார். மறுநாள் இரண்டு பேர். ஒருவர் பழைய ஜாக்கெட்டைப் பிரிக்கக் கொண்டுவந்து, போகும்போது மகளுக்குப் புதிதாக அளவு கொடுத்துவிட்டுப் போனார். வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளுக்குள் ஒவ்வொருவரையும் திட்டினேன். என் கணவரோ விசிலடித்துக்கொண்டு வெட்டினார். தேதி தவறக்கூடாதே என்று பாதித் துணியை நானே மிஷினில் உட்கார்ந்து ஓட்டினேன். தவறவிட்டிருந்தால் பேச்சு பரவி வரவு நின்றிருக்கும். அதற்கும் மனசு வரவில்லை. நான் எழுதிய வரி என் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

முப்பதாம் தேதி ஒன்பது பேர் ஆகியிருந்தது. முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் அவர் லைனிங் துணி வாங்க சேலம் போயிருந்தார். கடையில் நான் மட்டும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கடிதத்தை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தார். அவர் பில்லில் நான்கு தேதி அடித்திருந்தது எனக்கு நினைவிருந்தது.

“எம்புள்ளை வளைகாப்புக்குக் குடுத்தேனுங்க. நீங்க தரல. பட்டுச்சேலைக்கு வேற கலர் ஜாக்கெட் போட்டுட்டு நின்னேன். எடுத்த போட்டோல எல்லாம் அப்பிடித்தான் இருக்கறேன்.”

இவர்தான் பத்தாவது ஆள். இரண்டு வார்த்தை போதும், கடையை மூடுகிறோம் என்று. கேட்க வேறு யாரும் இல்லை. அவர் ஒரு பையை மேஜைமேல் வைத்தார்.

“இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட அதுக்கு ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கலீங்க. இப்ப பேரனுக்குக் காது குத்தறோம். உங்களை நம்பித்தான் வந்திருக்கறேன். நீங்கதானே பொறுப்புன்னு போட்டிருக்கறீங்க?”

அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய அளவு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, ஆகாது. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அவரைத் திரும்பி நிற்கச் சொன்னேன். தோளை அளந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. பள்ளி ஆபீஸிலிருந்து, நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள் என்று ஞாபகப்படுத்தினார்கள்.

“வேற ஆளைப் பாத்துக்குங்க, நான் வரலீங்க” என்றேன்.

ஏன் என்று கேட்டார்கள். கடைக்கு ஆள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.