எங்கள் வீட்டுக்கு வரும் வழி

யாராவது எங்கள் வீட்டு விலாசத்தைக் கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். தெருவே இல்லாத ஊரில் தெருப்பெயருக்கு நான் எங்கே போவேன்? பென்னாகரத்திலிருந்து பாப்பாரப்பட்டி போகிற ரோட்டில் பால் சொசைட்டி பக்கத்தில் இறங்கி, மண் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே வரவேண்டும். ஆளுக்கொரு கடலைக்காடு, காட்டுக்கொரு வீடு. போனுக்கும் சிக்னல் கிடையாது. ரோட்டோரம் நின்று லொகேஷன் அனுப்பிப் பார்த்தால் வீட்டை ஏரிக்கு நடுவில் காட்டுகிறது.

அப்பா வாதம் வந்து படுத்த பிறகு சிறுநீர்க் குழாயை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. முதல் தடவை வேனில் பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பல்லைக் கடித்தார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அங்கிருந்த நர்ஸ் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் தானே வீட்டுக்கு வந்து மாற்றிவிடுவதாகச் சொன்னார். வழிக்கு ஒரு படம் மட்டும் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

படமா? பள்ளிக்கூடத்தில் டிராயிங்கில் நான்தான் முதல். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீட்டை வரைந்தேன், வாசலில் மாட்டை நிறுத்தினேன், தென்னைக்குப் பச்சை அடித்தேன். எங்கள் வீட்டிலிருந்து போகிற தடம் மண் ரோட்டில் சேருகிற முக்கில் ஒரு மோட்டார் ரூம் உண்டு. அதன் சுவரில் பெரிதாகச் சிமெண்ட் விளம்பரம் எழுதியிருக்கும். அதை வரைந்து, 'இங்கே வலது பக்கம்' என்று அம்புக்குறியும் போட்டேன். பிறகு புளியமரம், முனியப்பன் கோயில், கடைசியில் பால் சொசைட்டி. என் படத்தை நானே இரண்டு தடவை தூக்கிப் பார்த்து ரசித்துவிட்டு நர்ஸுக்குக் கொடுத்தனுப்பினேன்.

குறித்த நாளில் நர்ஸ் வரவில்லை. மத்தியானம் வரை வாசலில் நின்று, வாக்குக் கொடுத்துவிட்டு வராதவர்களை எல்லாம் வைதுகொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் மறுநாள் மூன்று ஆட்கள் சேர்ந்து அப்பாவை மறுபடி வேனில் ஏற்றினார்கள். அவருக்கு வெளியே போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டேன். வழி நெடுக அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

சண்டை போடும் எண்ணத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். நர்ஸ் பையிலிருந்து என் படத்தை எடுத்து விரித்தார். முந்தின நாள் ஸ்கூட்டரில் ஒரு மணி நேரம் சுற்றினாராம். சிமெண்ட் விளம்பரத்தைத் தேடித் தேடி ஏரிக்கரை வரை போய்விட்டாராம். கடலைக்காய் பிடுங்குகிற நேரம், கேட்க எந்த வீட்டிலும் ஆள் இல்லை.

"அக்கா, நீங்க வூட்டவுட்டு வெளிய போறதுக்கு வழி போட்டிருக்கீங்க. நான் வூட்டுக்கு வரணுமில்லங்க?" என்றார்.

படத்தை வாங்கிப் பார்த்தேன். அந்த விளம்பரம் எங்கள் வீட்டைப் பார்த்து எழுதினது. ரோட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிவது மொட்டைச் செங்கல் சுவர்தான். நான் போட்ட வலது அவருக்கு இடது. நான் செய்த தப்புக்கு அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் பால் சொசைட்டி வரை போய், அங்கிருந்து வீட்டைப் பார்த்து, ஊருக்குப் புதிதாக வந்தவள் மாதிரி நடந்தேன். கண்ணில் பட்டதை மட்டும் வரிசையாக நோட்டில் குறித்தேன். முனியப்பன் கோயில் புளியமரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. தாண்டின பிறகுதான் தெரிகிறது. அதனால் கோயிலை விட்டுவிட்டு மரத்தை வைத்துக்கொண்டேன். மோட்டார் ரூமின் செங்கல் சுவரில் வெடிப்புவிட்டு ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. இத்தனை வருஷம் அதை நான் பார்த்ததே இல்லை. 'அரசங்கன்று முளைத்த சுவர், அதை ஒட்டி இடது பக்கம்' என்று எழுதினேன். அதற்குக் கீழே, 'ஏரிக்கரை தெரிந்தால் தாண்டிவிட்டீர்கள், திரும்புங்கள்.' மாட்டையும் வரையவில்லை, பச்சையும் அடிக்கவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே பென்னாகரம் போய் நர்ஸ் கையில் கொடுத்தேன்.

மறு மாதம் அந்த நாள் காலையில் அப்பா வெள்ளைச் சட்டையைக் கேட்டார். நர்ஸ் வீட்டுக்கே வருவார் என்றேன். "எதுக்கும் போட்டு வுடு" என்றார். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். போட்டுவிட்டேன்.

பத்து மணி இருக்கும். தடத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நர்ஸ் வண்டியை நிறுத்திவிட்டு, யாரையும் வழி கேட்கவில்லை என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அப்பா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, சட்டயக் கழட்டிரு" என்றார்.