பாதி நிலம்

தான் அதிகம் விளைவித்தால் விலை விழுந்துவிடும் என்று பயந்து, என் அக்கா பாதி நிலத்தில்தான் வெங்காயம் போடுவாள். அந்த வருமானம் போதாமல் அத்தான் தூர நகரத்தில் வேலை பார்த்தார். அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவள் வயலுக்குப் போவாள்.

ஒருநாள் மொத்தச் சந்தையில் சந்தை விலையைவிடக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டாள். வாங்க வந்தவர் பக்கத்துக் குவியலுக்கு நகர்ந்துவிட்டார்.

தரகர் சிரித்தார். "எல்லாம் ஒரே வெங்காயம்தானேக்கா? சந்தை விலைக்கு நீங்க எவ்வளவு கொண்டுவந்தாலும் போகும். உங்க மூட்டையால விலை அசையாது. எல்லாரும் கொண்டுவந்து கொட்டினாத்தான் இறங்கும்."

அக்கா உடனே அத்தானைப் போனில் அழைத்தாள். "வந்துடுங்க. மீதி நிலத்துலயும் நடலாம்."

"இங்க வேலை பார்க்கிற நம்ம பக்கத்து ஆளுங்க அத்தனை பேரும் ஊருக்குப் போய் வெங்காயம் போடணும்னுதான் சொல்றாங்க."

"அவங்க மெதுவா வரட்டும். நீங்க மட்டும் முதல்ல வாங்க."