பள்ளி நாள் விரதம்

அம்மாவின் பெயர் நவமணி. லகாட் என்ற ஊரில் பிறந்தவர். குனோங் ராபாட்டில் இருபத்திரண்டு வருடம் பள்ளி வேன் ஓட்டினார். போன நவம்பரில் மாரடைப்பில் இறந்தார். பதினாறாம் நாள் படையலில் என்ன வைப்பது என்று சண்டை வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்கம்பக்கத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது, விரதக்காரி. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு. புதனுக்கும் வியாழனுக்கும் ஏதாவது சாமி கிடைத்துவிடும். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து, வேன் எடுப்பார். மதிய ஓட்டம் முடிந்து மூன்று மணிக்குத்தான் சோறு. பரீட்சை நாளில் பிள்ளைகள் அவர் காலைத் தொட்டுவிட்டு இறங்குவார்கள். கோயில் கமிட்டி அவருக்குச் சால்வை போர்த்தியது.

நான் செம்மோரில் ஒரு தொழிற்சாலையில் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் வேலையில் இருக்கிறேன். எண்களைப் பார்ப்பது என் பிழைப்பு. ஆனாலும் இதைப் பார்க்கவில்லை. பள்ளி விடுமுறையில் அம்மா காலை எட்டு மணிக்கே தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு சாப்பிட்டார். பெருந்தொற்றில் பள்ளி மூடிக் கிடந்த மாதங்களில் ஒரு விரதமும் இல்லை. தெய்வங்களுக்கும் பள்ளி விடுமுறை உண்டு என்று நான் நினைத்துக்கொண்டேன் போலும்.

தெரிய வந்தது 2023 ஜனவரியில். மார்கழிப் பூசை நடந்துகொண்டிருந்த நாட்கள். ஷர்வின் என்ற பையனின் அப்பா தர்மா, கோயிலிலிருந்து நேரே வந்து வேன் கதவருகே நின்றார். கையில் சர்க்கரைப் பொங்கல். நெய் இலையில் வழிந்தது.

"விரதம் தம்பி," என்றார் அம்மா.

"சாமி பிரசாதம் அக்கா. இதுக்கு ஏது விரதம்? என் முன்னாடி ஒரு வாய் சாப்பிடுங்க லா."

விரதக்காரி பிரசாதத்தை மறுக்க முடியாது. மூன்று வாய் சாப்பிட்டார்.

இருபது நிமிடம் கழித்து, லகாட் சாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேனை நிறுத்திவிட்டு ஓடினார். உள்ளே பதினோரு பிள்ளைகள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவளான தினேஸ்வரியிடம் "பாத்துக்கமா" என்று மட்டும் சொன்னாராம். திரும்பி வர பன்னிரண்டு நிமிடம் ஆனது. வரும்போது வேறு கைலி கட்டியிருந்தார்.

பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள். அன்று மாலையே தர்மா வந்தார்.

"என்னக்கா இது? புள்ளைங்கள அப்படியே விட்டுட்டுப் போறதா? யாராச்சும் வேன ஓட்டிட்டுப் போயிருந்தா?"

"தப்புதான்," என்றார் அம்மா. ஷர்வினும் இன்னும் நான்கு பிள்ளைகளும் வேறு வேனுக்குப் போனார்கள். இன்னொரு முறை நடந்தால் மீதிப் பேரும் போவார்கள். அப்பா இறந்த பிறகு அந்த வேன்தான் அம்மாவுக்கு எல்லாம்.

நான் வேனைக் கழுவித் தரலாம் என்று போனபோது, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு துணிப்பை இருந்தது. இரண்டு கைலி, உள்ளாடை, ஈரத் துடைப்பான், வயிற்றுப்போக்கு மாத்திரை அட்டை.

"எத்தன வருசமாம்மா?"

"பித்தப்பைய எடுத்ததுலேர்ந்து. சாப்ட்டா ஓடணும். சாப்பிடலன்னா தாங்கும்."

"கிளினிக்ல சொன்னியா?"

"சொன்னேன். டென்ஷன்னாங்க. நீ யார்கிட்டயும் வாயத் திறந்துறாத ரூபன். நாத்தம் புடிச்ச வேன்னு சொல்லுவாங்க."

2018இல் கல் இருந்ததால் பித்தப்பையை எடுத்தார்கள். அந்த அறுவை முடிந்து ஒரு மாதத்தில் தொடங்கியது இது. ஒன்றால்தான் மற்றொன்று என்று கிளினிக்கில் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

மருத்துவமனைச் சிறப்புப் பிரிவில் முறை கிடைக்க இரண்டரை மாதம். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்று இல்லை, புண் இல்லை. டாக்டர் யாழினி என்பவர் பழைய கோப்பைப் புரட்டி, அறுவை நடந்த தேதியில் விரலை வைத்தார்.

"ஆன்ட்டி, பித்தநீர் கொழுப்பச் செரிக்கத்தான் வருது. வேலை முடிஞ்சதும் சிறுகுடலோட கடைசிப் பகுதி அதுல பெரும்பகுதிய உறிஞ்சி ஈரலுக்குத் திருப்பி அனுப்பிரும். உங்களுக்குச் சேத்து வைக்கப் பை இல்ல. எந்நேரமும் ஒழுகுது. சாப்பிட்டா, நெய்ப் பண்டம்னா இன்னும், நிறைய வரும். திருப்பி எடுக்க முடியாத மிச்சம் பெருங்குடலுக்குப் போயிருது. அது பட்டா பெருங்குடல் தண்ணியக் கொட்டும்."

"பைய எடுத்த எல்லாருக்குமா?"

"இல்ல. சில பேருக்குத்தான். இதுக்குன்னு ஒரு ஸ்கேன் இருக்கு, நம்ம ஊர்ல கிடைக்காது. மருந்தக் குடுத்துப் பாப்போம். நின்னுச்சுன்னா அதான்."

கொலஸ்டைரமின் என்று எழுதினார். பொட்டலப் பொடி. வீட்டில் அதன் தாளைப் படித்தேன். ரெசின். என் தொட்டிகளில் தண்ணீரின் சுண்ணாம்பைப் பிடித்து வைக்கும் மணிகளின் உறவுக்காரன். இது பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் கலக்காமல், மலத்தோடு வெளியேறும். பதினைந்து வருடம் ரெசினோடு வேலை பார்த்தவன் வீட்டில், அம்மா நாலு வருடம் பட்டினி கிடந்தார்.

ரெசின் பக்கத்தில் வரும் மருந்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் ரத்த அழுத்த மாத்திரை ஐந்து மணிக்கு, பொடி ஆறேகாலுக்கு என்று வேன் கண்ணாடிக்குக் கீழே எழுதி ஒட்டினேன். பொடி தண்ணீரில் கரையாது, மிதக்கும். கலக்கி, கொஞ்சம் ஊறவிட்டுக் குடிக்க வேண்டும்.

"குட்டை மணலக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்கு லா," என்று முகத்தைச் சுளித்தார்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் மாறவில்லை. ஐந்தாம் நாள் வயிற்றோட்டம் நின்றது. பத்தாம் நாள் மலச்சிக்கல் வந்தது. அளவைக் குறைத்தோம். மூன்றாம் வாரம் ஒரு காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு, சுண்ணாம்பு மலைக்குக் கீழே இருக்கும் கடையில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தார்.

"ரொட்டி சானாய் ரெண்டு. பருப்புக் குழம்பு. எங்கயும் ஓடல."

அதன்பிறகு தினமும் அங்கேதான். பார்த்தவர்கள் விரதத்தை விட்டுவிட்டார் என்றார்கள். பிரசாதம் சாப்பிட்ட அன்று பிள்ளைகளை விட்டுப் போனதற்குச் சாமி கோபித்துக்கொண்டது என்றும் ஒரு பேச்சு வந்தது. அம்மா எதையும் மறுக்கவில்லை. பக்தி போன பெயரோடு இரண்டரை வருடம் ஓட்டினார். மீதிப் பிள்ளைகள் யாரும் போகவில்லை.

பதினாறாம் நாள் காலை நான் அந்தக் கடையிலிருந்து ரொட்டி வாங்கி வந்தேன். புனிதா சித்தி, அம்மாவின் தங்கை, படையல் இலையை மறித்து நின்றார்.

"எங்கக்கா விரதக்காரி. பாலும் பழமும் வை. எண்ண வடியிற ரொட்டியப் போயி வைக்கிற."

"அவங்களுக்குப் புடிச்சது இதான் சித்தி."

வாசலில் தர்மா நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அம்மாவின் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஏன் அக்கா புள்ளைங்கள விட்டுட்டுப் போனாங்க? மூணு வருசமா மனசுல கெடக்கு."

சொல்லாதே என்று அம்மா சொல்லியிருந்தார். ஆனால் நான் களைத்திருந்தேன். விரதம் இல்லை, வயிற்றுப்போக்கு என்றேன். பித்தப்பை, பித்தநீர், பொங்கல், கைலி. ஐந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

தர்மா திரும்பி மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே லா."

"சொல்லியிருந்தா ஷர்வின வேன்ல ஏத்தியிருப்பீங்களாண்ணே?"

அவர் பொய் சொல்லவில்லை.

"மாட்டேன்," என்றார். "ஏத்தியிருக்க மாட்டேன்."

அந்தப் பதினாறு நாளில் என்னிடம் யாரும் இவ்வளவு நேராகப் பேசவில்லை. சொன்னால் பிள்ளைகள் போய்விடுவார்கள் என்று அம்மா கணக்குப் போட்டது சரிதான். நான் போட்டிருந்தால் தப்பாகப் போட்டிருப்பேன்.

சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். பால் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். இலை நடுவில் இடம் விட்டார்.

"ஆறிப் போவுது பாரு," என்றார். "சீக்கிரம் வை."