மாம்பழப் பட்டு கரைந்த காலை

எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. இதைச் சொல்ல ஆரம்பித்தாலே பாதியில் புரையேறிவிடும். இருந்தாலும் சொல்கிறேன்.

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த புதிது. எங்கள் தெருவில் மடி, ஆசாரம் என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் என் மாமியாரிடம்தான் தீர்ப்புக்கு வருவார்கள். தோய்த்து, யாரும் தொடாமல் கொடியில் உலர்த்தியதைத்தான் உடுத்திக்கொண்டு தளிகை, அதாவது சமையல், பண்ண வேண்டும். பட்டுக்கு மட்டும் சலுகை உண்டு, தினமும் தோய்க்க வேண்டாம், அதுவே மடி. மாமியாரிடம் அப்படி ஒரு மாம்பழக் கலர் பட்டு இருந்தது. வாசலில் மூட்டை சுமந்து வந்த ஜவுளிக்காரரிடம் அடித்துப் பேசி வாங்கியது. வழவழவென்று வழுக்கும், இறகு மாதிரி எடை. வருஷக்கணக்காக அதைக் கட்டிக்கொண்டுதான் பெருமாளுக்கு அமுது பண்ணிக்கொண்டிருந்தார். தெருவே அதைப் பார்த்துப் பெருமூச்சு விடும்.

அந்த வாரம் நான் திருச்சியில் பிறந்தகத்துக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஆங்கிலோ இந்தியச் சிநேகிதியைப் பார்க்கப் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு ஒரு நடை போனேன். சனிக்கிழமை டான்ஸுக்காக அவள் நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். "உனக்கும் போடறேன், கையக் குடு" என்றாள். கொடுத்துவிட்டேன். அடேயப்பா, என்ன சிவப்பு! கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நானே மயங்கிப்போனேன்.

அழிப்பதற்கும் ஒரு சின்ன சீசா தந்தாள். தரும்போதே தன் டான்ஸ் கவுனை எட்டத் தள்ளிவைத்துவிட்டு, மடியில் துவாலையை விரித்துக்கொண்டாள்.

"இதுல அசிடோன் இருக்கு. என் கவுன் அசிடேட் துணி, பட்டு மாதிரி மினுக்கும், ஆனா பட்டு இல்ல. ஒரு சொட்டு பட்டாப் போதும், கரைஞ்சு ஓட்டையாயிடும். போன வருஷம் ஒரு கவுன அப்படித்தான் தொலைச்சேன். சென்ட்டக்கூட உடம்புல தடவி, நல்லா காஞ்சப்புறந்தான் கவுனப் போடுவேன். மேல தெளிச்சா துணி கெட்டுப்போவும், சாயம் ஓடித் திட்டுத் திட்டா நிக்கும்."

நான் எங்கே காதில் வாங்கினேன்! என் கண்ணெல்லாம் என் நகத்தின் மேலேயே இருந்தது.

உடனே அழிக்க மனசு வரவில்லை. முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன். வந்த இடத்தில் இடி காத்திருந்தது. மறுநாள் மத்தியானம் கும்பகோணத்திலிருந்து என் மாமனாரின் அக்கா வருகிறாராம். மாமியாரே அவரைக் கண்டால் நடுங்குவார்! "நாளைக்கு நீயும் தளிகையுள்ளுக்குள்ள வரணும், அத்தை பாக்கணும்" என்றார் மாமியார். கூடவே, நகத்தில் சாயம் பூசின யாரோ ஒரு மருமகளைப் பிறந்தகத்துக்கே திருப்பி அனுப்பச் சொன்னவர் அந்த அத்தை என்றும் பெருமையாகச் சொல்லிவைத்தார். 

விடிந்ததும் கொல்லைப்புறம் ஓடி, கிணற்றடிக்குப் பின்னால் உட்கார்ந்து, பஞ்சில் நனைத்து நகத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். வலது கை முடிந்தது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும்தான் பாக்கி.

"யாருடீ அங்க? என்ன நாத்தம் இது?"

துளசி பறிக்க வந்த மாமியார், மாம்பழப் பட்டில், என் தலைக்கு மேலே நிற்கிறார். நான் துள்ளி எழுந்தேன். சீசா கவிழ்ந்து அவர் முழங்கால் பக்கம் கொசுவத்தில் கொட்டியது.

"மேல படாதே! ஐயோ, ஜில்லுங்கறதேடீ!" என்று புடவையை உதறினார். உதறின இடம் கையோடு வந்தது! துணி பசை மாதிரி இளகி, விரலில் நூல் நூலாக இழுத்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓரமெல்லாம் சுருங்கி, காய்ந்ததும் அப்பளமாக விறைத்துக்கொண்டது.

"பெருமாளே! பட்டு கரையறதே! என்னடீ கொட்டினே?"

அப்போதுதான் சிநேகிதி சொன்னது பளிச்சென்று மண்டையில் உறைத்தது. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இருக்கமாட்டேனே!

"அம்மா, பட்டு இதுல கரையாது."

"பின்ன இது என்னவாம்?"

 அவருக்கே மெல்ல மெல்லப் புரிய, முகம் வெளுத்தது. "உன் கூறைப்புடவையக் கொண்டா" என்றார். கொண்டுவந்தேன். "விடு ஒரு சொட்டு."

"அம்மா, சீசாவுல அடியிலதான் துளி ஒட்டிண்டிருக்கு. ரெண்டு நகம் மிச்சம் இருக்கே!"

"நகம் கெடக்கட்டும். விடுங்கறேன்!"

கூறைப்புடவையின் உள்தலைப்பில் கடைசிச் சொட்டையும் விட்டேன். நனைந்தது, ஊதினேன், காய்ந்தது. இழைகூட அசையவில்லை. பட்டு பட்டாகவே இருந்தது.

மாமியார் துவைக்கிற கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா மடின்னு இதைக் கட்டிண்டா அமுது பண்ணினேன்? எதிராத்து மாமி கட்டிண்டது நூல் கலந்த பட்டுன்னு அவளத் தெருவுல நிக்கவெச்சு மானத்த வாங்கினேனே!"

கண் கலங்கியிருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. பாவமாக இருக்கும்போது நான் உளறுவேன். "பெருமாள் ஒரு நாளாவது வேண்டாம்னாராம்மா? தினம் நீங்க பண்ணின அமுத ஏத்துண்டுதானே இருந்தார்?"

என்னை ஏறிட்டுப் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன். உதடு துடித்தது, தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பார்த்தால், சிரிப்பு! எனக்குக் கேட்கவேண்டுமா? இரண்டு பேரும் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் என் இடது கையைப் பார்த்தார். இரண்டு நகம் பவழமாக ஜொலித்தது. சுரண்டினோம், புளி போட்டுத் தேய்த்தோம், ம்ஹூம்! அவசர அவசரமாகத் தளிகையை முடிப்பதற்குள் வாசலில் ஜட்கா வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

மத்தியானம் மாமியார் ஈரம் உலர்த்திய நூல் புடவையில் பரிமாறினார். நானும் பின்னாலேயே நெய்க்கிண்ணத்தோடு போனேன். என் இரண்டு விரலிலும் வெள்ளைத் துணி தடிமனாகச் சுற்றியிருந்தது. அத்தை இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"உன் மாம்பழப் பட்டு எங்கேடீ?"

"பருத்திதான் அக்கா ஒசத்தி மடி" என்றார் மாமியார், கண்ணை இமைக்காமல்.

"அது சரி. இவ விரல்ல என்ன?"

நான் கையைப் பின்னால் இழுத்தேன். மாமியார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மடியில் இருக்கும்போது யாரையும் தொடாதவர், அத்தைக்கு எதிரிலேயே என்னைத் தொட்டார்.

"தளிகை பண்றச்சே கையச் சுட்டுண்டுட்டா, குழந்தை" என்றார்.

அதுவரை அவர் என்னைக் 'குழந்தை' என்று கூப்பிட்டதே இல்லை.