ஓரகத்தியின் கெட்டில்

என் ஓரகத்திக்கு அவள் அண்ணன் துபாயிலிருந்து ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் கொண்டுவந்து கொடுத்தான். அவள் வீடு செம்பூரில், மூன்றாவது மாடியில். நாங்கள் தாராவியில் ஒற்றை அறையில் இருந்தோம். முன்பக்கத்தில் என் வீட்டுக்காரர் மிக்சி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி ரிப்பேர் பார்ப்பார். மோட்டாருக்குக் காயில் சுற்றுவது நான்.

முதல் தடவை அந்தக் கெட்டிலைப் பார்த்தபோது அது பளபளவென்று மின்னியது. தண்ணீர் கொதித்து ஆவி வந்ததும் டக்கென்று தானே அணைந்துகொண்டது.

"சுவிட்சைத் தட்டிட்டு நா பாட்டுக்கு வேற வேலை பாப்பேன்" என்றாள் ஓரகத்தி.

நல்லா இருக்குக்கா என்றேன். வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்த அடியில் மண்ணெண்ணெய் பொங்கி வழிந்தது.

அடுத்த வருஷம் அந்தக் கெட்டிலைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அவளே எங்கள் கடைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"கொதிக்கிறதுக்கு முன்னாலயே அணைஞ்சிருது. திரும்பத் தட்டினா சுவிட்சு நிக்கவே மாட்டேங்கு. கொஞ்ச நேரம் ஆறவிட்டாத்தான் வேலை செய்யுது. அங்க ஒரு கடைக்காரன் தெர்மோஸ்டாட் போச்சு, தூக்கிப் போட்டுருங்கன்னுட்டான்."

எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அவள் டீ குடிக்கும்வரை அந்தக் குளிர்ச்சியை அனுபவித்தேன்.

என் வீட்டுக்காரர் அடிப்பக்கத்தைக் கழற்றி டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தார். பல்பு எரிந்தது. சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்துகிற அந்தத் தெர்மோஸ்டாட்டில், ஆறின நிலையில் கோளாறு எதுவும் தெரியவில்லை.

"சூடானாத்தான் கட் ஆகுது போல. இதுக்கு ஸ்பேர் லோஹார் சால் மார்க்கெட்லயும் கிடைக்காது. வேணும்னா தெர்மோஸ்டாட்டைத் தூக்கிட்டு கரண்டை டைரக்டா குடுத்துருதேன் மதினி. நீங்களே பாத்து அணைச்சிக்கிடணும்."

அவள் உடனே தலையாட்டினாள். டைரக்டாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் வற்றினாலும் அணையாது. என்றைக்காவது மறந்தால் கம்பி கருகும், தீயும் பிடிக்கலாம். தானாக அணைகிற பெருமையும் அன்றோடு போய்விடும். அந்தப் பெருமை போகட்டுமே என்றுதான் மனசு சொன்னது. ஆனால் அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்று கெட்டிலை வாங்கி உள்ளே கைவிட்டேன். சுருள் கம்பி முழுக்க வெள்ளையாக, மணல் ஒட்டினது போலச் சொரசொரப்பு. நகத்தால் சுரண்டினால் பெயரவில்லை.

"ஏங்க, உப்பு எப்படிப் படிஞ்சிருக்கு பாருங்க. கம்பியோட சூடு தண்ணியில இறங்க வழியில்ல. கம்பிதான் கொதிக்கி, தண்ணி இல்ல. அது தாங்காம பின்னாடி இருக்கிற தெர்மோஸ்டாட் கட் பண்ணிருது. அது சரியாத்தான் வேலை பாக்கு."

அவர் கைவிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆமா பிள்ள."

"அக்கா, இதுக்கு எந்தத் தண்ணி ஊத்துதிய?"

"போரிங் தண்ணிதான். முனிசிபால்டித் தண்ணி காலையில கொஞ்ச நேரந்தான் வரும், அது குடிக்கதுக்கு. இது கொதிக்கத்தான போகுதுன்னு…"

நிலத்தடித் தண்ணீரின் உப்புதான் கம்பியில் படிந்திருந்தது. எங்கள் சந்துக் குழாயில் முனிசிபாலிட்டித் தண்ணீர்தான் வரும். குடத்தோடு வரிசையில் நிற்கவேண்டும், சண்டையும் போடவேண்டும். ஆனாலும் பாத்திரத்தில் இப்படி வெள்ளை படிந்ததில்லை. அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று முதன்முதலாகத் தோன்றியது.

அடிப்பக்கத்தை மூடி முடுக்கினோம். கம்பி மூழ்கும்வரை தண்ணீரும் வினிகரும் ஊற்றிச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கி ஊறவைத்தேன். நுரை கிளம்பியது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். மூன்றாவது தடவை உப்பு தகடுதகடாகக் கழன்று விழுந்தது. நன்றாக அலசி எங்கள் குழாய்த் தண்ணீரை வைத்துக் கொதிக்கவிட்டோம். மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தளபுளவென்று கொதித்து ஆவி வந்தபிறகுதான் அணைந்தது.

"கொழுந்தனார் கைராசி!" என்றாள் அவள்.

"நானா? எல்லாம் அவதான்" என்றார் அவர்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வினிகர் நாற்றம் அடிக்கிற கை. ஆனால் அவள் கெட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு கடைப்படி இறங்கியபோது என் பொருளை யாரோ தூக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது.

பிறகு அவள் அண்ணன் இன்னொரு கெட்டில் கொண்டுவந்தான். "பழசை நீ வச்சிக்கிடுதியாட்டி? நீ பிழைக்க வச்சதுதான" என்று அவள் கேட்டாள்.

"பழசு எனக்கு எதுக்குக்கா?" என்றேன், வெடுக்கென்று. வாயிலிருந்து வந்த மறுநிமிஷமே அதைத் திரும்ப விழுங்கமுடியுமா என்று பார்த்தேன். அவள் இன்னொரு தடவை கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மாட்டுங்காவில் இருந்த அவள் சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்தச் சிநேகிதியை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் ரொம்ப நாள் ஸ்டவ்வைப் பற்றவைக்கும்போதெல்லாம் அவள்மேல்தான் எனக்கு எரிச்சல்.